பல்பர்க்காரருக்கு எழுதிய நற்சாட்சிக் கடிதம்

பல்பர்க்காரர் வேலையை விட்டுப் போகிறேன் என்று சொன்னதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. பழக்காலம் முடிந்து, தொட்டிகளைக் கழுவிக் காயவிட்டு, காப்பிப் பழம் உரிக்கும் பல்பர் இயந்திரத்தின் செம்பு உருளைக்கு எண்ணெய் பூசிச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தோம். அந்த வேலையின் நடுவே, என் முகத்தைப் பார்க்காமல், அக்குறணையில் ஒரு காப்பி முதலாளியிடம் போகப்போவதாகச் சொன்னார்.

நான் அப்போது அம்பிட்டியவுக்கு மேலே, மலை முதுகில் இருந்த ஒரு காப்பித் தோட்டத்தில் ஸ்டோர் கங்காணி. மலையிலிருந்து கூடையில் இறங்கும் பழத்தை வாங்கி, பல்பரில் போட்டுச் சதையை உரித்து, தொட்டியில் ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டிக் கண்டிக்கு வண்டி ஏற்றுவது வரை என் பொறுப்பு. பல்பரில் நின்ற மனிதர் எனக்குக் கீழே பல பழக்காலம் வேலை செய்தவர். வாய் திறந்து பேசுவது எனக்கும் கஷ்டம், அவருக்கும் கஷ்டம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் பல்பரின் சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்படி இருந்தவர் தானாக வாயைத் திறந்து சொன்ன முதல் பெரிய செய்தி இது.

தோட்டங்களில் காப்பி குறைந்தால் ஏதாவது ஒரு கடைக்குத் திருட்டாகப் போயிருக்கும் என்று பேசுவது அந்த நாள் வழக்கம். எந்தக் கடை என்று யாரும் சொல்லமாட்டார்கள். காப்பி வாங்குகிற கடைக்காரர் எல்லார் மேலும் அந்தப் பேச்சு பொதுவாகப் படிந்து கிடக்கும். தோட்டத்துப் பல்பர்க்காரர் காப்பி வாங்கும் முதலாளியிடம் போகிறார் என்றால், அந்தப் பழக்கம் எப்போது, எப்படி உண்டானது என்று மனம் கேட்கத்தானே செய்யும். நான் வாயால் கேட்கவில்லை. ஏன் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

அவருடைய பெண்சாதிக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. ஓடையை ஒட்டிய லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவர்களுடையது. சுவர் எப்போதும் நனைந்தே இருக்கும். இருமல் ஆரம்பித்தால் பொழுது விடியும்வரை நிற்காது. இங்கே இருந்தால் இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அக்குறணை முதலாளி, ஸ்டோருக்கு மேலே பலகை போட்ட ஒரு அறையைத் தருவதாகச் சொல்லியிருந்தாராம். ஈரமில்லாத அறை. அந்த அறைக்காகத்தான் போகிறார் என்றார். வேலை கிடைத்தால்தான் அறை.

முதலாளி அதுவரை ஊர்த் தோட்டங்களில் பழத்தோடு காய்ந்த காப்பியை வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர். அதற்கு விலை குறைவு. பச்சைப் பழமாக வாங்கி, தாமே உரித்துக் கழுவிக் காயவைத்தால் தோட்டத்துக் காப்பி போலவே விலை போகும் என்று கணக்குப் போட்டு, ஓயாக்கரையில், ஆற்றோரமாக, ஒரு பல்பர் நாட்டியிருந்தார். அவரால் கடையை விட்டு நகர முடியாது. பல்பரைத் தனியாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

அந்த வேலைக்கு முதலாளி நற்சாட்சி கேட்டார். எங்கள் தோட்டத்துத் தொரை ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார். இங்கிலீஷில் மூன்று வரி. குடிக்கமாட்டான், நாணயமானவன், தன் விருப்பப்படி போகிறான். முதலாளி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதே மூன்று வரியோடு தம்மிடம் வந்தவர்கள் பலர் என்றும், அதில் ஒருவனுக்குப் பல்பரின் எந்தப் பக்கம் பழம் போடுவது என்றே தெரியவில்லை என்றும், விசாரித்ததில் அந்தக் கடிதம் கண்டியில் வாடகைக்கு எடுத்தது என்றும் சொன்னாராம். அப்படி ஒரு வியாபாரம் அந்த நாளில் இருந்தது உண்மை. செத்துப்போன சமையற்காரனின் நற்சாட்சியை வைத்துக்கொண்டு நாலு வீடு ஏறி இறங்கியவர்களை நானே அறிவேன்.

உன்னோடு கூட நின்று வேலை செய்தவன் கையால் எழுதி வாங்கி வா, தமிழில் எழுதினால் போதும், நானே வாசிப்பேன் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். அப்படித்தான் அது என்னிடம் வந்தது.

எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். கண்டியில் வண்டிக்காரரின் பிள்ளையாக இருந்தபோது பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் இருந்தேன். மூட்டைக்கு அடையாளம் எழுதுவதும், அன்றைக்கு எத்தனை கூடை பழம் என்று எழுதுவதும்தான் அதன் பிறகு என் எழுத்து. ஒரு மனிதனைப் பற்றி எழுதியதே இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதை எழுதுவது என்ற யோசனை வந்தது.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு எப்படியோ இது எட்டிவிட்டது. ஸ்டோர் வாசலில் வந்து நின்று, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பேசினார்.

"கங்காணி, அந்தச் சாக்குப் போட்டு மூடின குவியல் ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. முந்திய பழக்காலத்தில், ஸ்டோருக்குப் பின்னால், கூரையின் சரிவுக்குக் கீழே, சாக்குப் போட்டு மூடிய ஒரு காப்பிக் குவியலை நான் கண்டேன். எங்கள் ஸ்டோரில் அப்படித் தனியாகக் காப்பி வைக்கும் வழக்கம் கிடையாது. யார் வைத்தது என்று கேட்டபோது பல்பர்க்காரர் தாம்தான் என்றும், வெட்டுப்பட்ட கொட்டை என்றும் சொன்னார். எடுத்துப் பார்த்தேன். வெட்டுப்பட்டதுதான். தனி மூட்டையாகக் கட்டி அனுப்பினோம். அதோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் லயத்தில் அது முடியவில்லை. மூடி வைத்த காப்பி என்றால் எடுத்துப் போக வைத்த காப்பி என்றே பேசினார்கள்.

"அத எழுதுங்க" என்றார் கணக்கப்பிள்ளை. "திருட்டுச் சந்தேகம் இருந்துச்சுன்னு ஒரு வரி. எழுதாம விட்டு, நாளைக்கு அங்க காப்பி காணாமப் போச்சுன்னா ஒங்க கையெழுத்தத்தான் தேடுவாங்க."

அவர் எடுத்துப் போனதை நான் காணவில்லையே என்றேன்.

"கண்டத மட்டும் எழுதுறதுன்னா ஒலகத்துல ஒருத்தருக்கும் நற்சாட்சி எழுத முடியாது கங்காணி."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் சொன்னதில் பாதி என் மனதிலும் இருந்தது. குவியலைப் பற்றிக் கேட்டபோது அந்த மனிதர் பதில் சொன்னார், சரி. கேட்கும்வரை ஏன் சொல்லவில்லை?

சந்தேகத்தை எழுத மனம் வரவில்லை. மறைக்கவும் மனம் வரவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் முதல் கடிதத்தை எழுதினேன். பல்பர் வேலை நன்றாகத் தெரியும், தொட்டி வேலை நன்றாகத் தெரியும், நேரத்துக்கு வருவார், பிழை நடந்தால் சொல்லமாட்டார். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, தலைப்பாகைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை.

எழுத்துத் தெரியாதவர்கள் கண்டியில் அன்றைக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கையில் வாங்கிய கடிதத்தை ஒருவரிடம் மட்டும் வாசிக்கக் கொடுக்கமாட்டார்கள். ஒருவர் வாசித்ததை மனதில் வாங்கிக்கொண்டு, எதுவும் தெரியாதவர் போல இன்னொருவரிடம் கொடுப்பார்கள். பிறகு இன்னொருவரிடம். மூவரும் சொன்னது ஒத்துப்போனால்தான் நம்புவார்கள். 'இவன் கள்ளன், உள்ளே சேர்க்காதே' என்று இங்கிலீஷில் எழுதியதை நற்சாட்சி என்று நம்பி, பெருமையாகக் காட்டித் திரிந்தவர்களின் கதை எல்லா லயத்திலும் உண்டு. அதனால் வந்த பழக்கம்.

பல்பர்க்காரரும் அதைத்தான் செய்தார். முதலில் சர்க்கார் கச்சேரி வாசலில் மனு, பெட்டிசம் எழுதுபவரிடம் போனார். பிறகு ஒரு இரும்புக்கடைக் கணக்கரிடம். மூன்றாவதாகக் கோவில் மண்டபத்தில் கணக்கு எழுதும் ஒருவரிடம். மூவரும் ஒரே மாதிரி வாசித்தார்கள். அதுதான் வினையாகிவிட்டது.

மறுநாள் மாலை, களத்தில் நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வந்தார். கடிதத்தை என் முன்னால், பாயின் மேல் வைத்தார். இவ்வளவு கோபத்தை நான் அவரிடம் கண்டதில்லை. குரல் மட்டும் உயரவே இல்லை.

"பிழ நடந்தா சொல்லமாட்டான்னு எழுதியிருக்கீங்களாமே அண்ணே."

ஆமாம் என்றேன்.

"பெட்டிசக்காரரு சிரிச்சாரு. இதுக்கு என்னா அர்த்தம் தெரியுமான்னு கேட்டாரு. கள்ளன்னு எழுத ஒங்க கங்காணிக்கு வெக்கம், அதனால இப்பிடி எழுதியிருக்காருன்னு சொன்னாரு."

நான் அப்படி நினைத்து எழுதவில்லை என்றேன்.

"வேற எப்பிடி நெனச்சு எழுதுனீங்க? என்னையப் போக விடாம வச்சுக்கத்தானே? அடுத்த பழக்காலத்துல பல்பருக்கு ஆள் இல்லைன்னுதானே?"

பெட்டிசக்காரர் வேறு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதையும் எடுத்து வைத்தார். அழகான கையெழுத்து. இந்த மனிதரைப் போல உழைப்பாளியைக் கண்டதில்லை, தங்கமான குணம், எந்த வேலையும் செய்வார், இவரை இழப்பது எங்கள் துரதிர்ஷ்டம் என்று பக்கம் நிறைய இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. பல்பர் என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் இல்லை.

அதை வாசித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அந்த முதலாளி இதை நம்பமாட்டார். என்னுடையதை வாசித்தாலோ தப்பாக நம்புவார். அவர் கடையில் இருக்கும்போது ஓயாக்கரையில் தனியாக நிற்கப்போகிறவன் பிழையைச் சொல்லமாட்டான் என்று மொட்டையாக எழுதினால், எந்தப் பிழை, எவ்வளவு பெரியது, யாருக்கு நஷ்டம், ஒன்றும் அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தை மனிதர்கள் தங்கள் பயத்தால் நிரப்பிக்கொள்வார்கள். நானே அப்படித்தான் அந்தக் குவியலை நிரப்பி வைத்திருந்தேன்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். அன்றைக்கு என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

பழத்தோடு ஒரு கல் வந்து உருளைக்கும் அதற்கு எதிரே பழத்தை நெருக்கும் இரும்புத் தாடைக்கும் நடுவில் சிக்கியது. செம்புத் தகட்டில் சில பற்கள் மடங்கின. அது தெரிவதற்குள் கொஞ்சப் பழம் ஓடிவிட்டது, கொட்டை வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்ட கொட்டை நல்ல கொட்டையோடு ஊறினால் வெட்டுக்குள் ஈரம் ஏறிக் கறுத்துவிடும். அந்தத் தொட்டிக் காப்பி முழுவதன் விலையும் அதனால் கெடும். அதனால் அதை வேறாக எடுத்து, வேறாகக் கழுவி, வேறாகக் காயவைத்தார். பல்பரை நிறுத்தி, மடங்கிய பற்களைத் தாமே ஊசிக் கூர்க் கம்பியால் நிமிர்த்தினார்.

"என்கிட்ட ஏன் வந்து சொல்லல?"

பாயின் ஓரத்தைக் காலால் நேராக்கிக்கொண்டே சொன்னார்.

"மொதல்ல நான் இருந்த தோட்டத்துல, சேதி கொண்டு போறவனுக்குத்தான் அடி விழும். யாரு செஞ்சாங்கன்னு பாக்கமாட்டாங்க. சரி பண்ணிப்புட்டு சும்மா இருந்தா ஒண்ணுமில்ல. அப்பிடியே பழகிப்போச்சு."

நான் உங்களை அடித்திருக்கிறேனா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எழுந்து போய், உருளையை மூடியிருந்த சாக்கை விலக்கிப் பார்த்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். நான் நம்பாமல் பார்க்கப் போகிறேன் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் அதை மறைக்கத் தோன்றவில்லை. ஒரு ஓரத்தில் சில பற்கள் மற்றவற்றைப் போலக் கூம்பாக இல்லாமல், கொஞ்சம் சாய்ந்து, சுற்றிலும் சின்னச் சின்னத் தட்டுக் காயத்தோடு இருந்தன. எண்ணெய் பூசும்போது பல தடவை விரலில் பட்டிருக்கும். நான் நின்று பார்த்ததில்லை. எடுத்துப்போக நினைத்தவன் நல்ல கொட்டையை விட்டு வெட்டுப்பட்டதை எதற்கு மூடி வைப்பான் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெட்டிசக்காரரின் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். வேறு எழுதுகிறேன், எழுதும்போதே ஒவ்வொரு வரியாக வாசிக்கிறேன், பொய் என்று எது தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள், அந்த வரியை அடித்துவிடுகிறேன். பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் அடிக்கமாட்டேன் என்றேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் இன்னும் நம்பவில்லை என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஆனால் போகாமல் நின்றார்.

இரண்டாவது கடிதத்தை ஸ்டோர் மேசையில் வைத்து எழுதினேன். அதில் இருந்தது இவ்வளவு:

'இந்தக் கடதாசி கொண்டு வருபவர் எங்கள் ஸ்டோரில் என் கீழே பல்பர் வேலை செய்தவர். இடது கைப் பெருவிரலில் பாதி நகம் இல்லை. அந்த அடையாளம் இல்லாதவர் கொண்டு வந்தால் இது அவருடையது அல்ல.

பல்பரை அவிழ்த்துப் பூட்டவும், பழத்தின் பருமன் பார்த்து இடைவெளியைக் கூட்டிக் குறைக்கவும் தெரியும். பழக்காலத் தொடக்கத்தில் சிறிய பழம் வரும்போது கொட்டை உரிபடாமல் போவதை ஒருவரும் சொல்லாமலே கண்டுகொள்வார். தொட்டியில் ஊறும் கொட்டையைக் கையில் எடுத்துத் தேய்த்து, வழுவழுப்புப் போய்க் கரகரவென்று வந்த பிறகே கழுவ விடுவார். குளிர் நாளில் ஊறல் பிந்தும், வெயில் நாளில் முந்தும். இவர் அதைக் கையால் அறிவார். இவர் பார்த்த தொட்டி புளித்து நாறியதை நான் காணவில்லை. களத்தில் காயவைக்கும் வேலையை நான் இவருக்குக் கொடுத்ததில்லை. அது எப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியாது.

பிழை நடந்தால் இவர் தாமாக வந்து சொல்வதில்லை. ஒரு தடவை கல் சிக்கிப் பல் மடங்கிக் கொட்டை வெட்டுப்பட்டது. பல்லை நிமிர்த்தினார், வெட்டுப்பட்டதை வேறாக வைத்தார். இரண்டும் சரியான வேலை. என்னிடம் சொல்லவில்லை, அது சரியில்லை. நான் கேட்டதும் மறைக்காமல் சொன்னார். அந்தக் காப்பி முழுவதும் தோட்டத்துக்கே வந்தது, நானே மூட்டை கட்டினேன். இவரை வைத்திருப்பவர் தினமும் கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்.

பெண்சாதிக்கு மலைக் குளிர் ஆகாததால் போகிறார். நாங்கள் போகச் சொல்லவில்லை. திரும்பி வந்தால் நான் சேர்த்துக்கொள்வேன்.'

வாசிக்கும்போது ஒரு இடத்தில் நிறுத்தினார். வெட்டுப்பட்டதை 'ஒளித்து வைத்தார்' என்று நான் முதலில் எழுதியிருந்தேன்.

"ஒளிச்சு வைக்கல. மழ விழுந்துச்சுன்னு சாக்குப் போட்டேன்."

அன்றைக்கு மழை இருந்ததா என்று யோசித்தேன். பழக்காலத்தின் கடைசியில் அந்த மலையில் மழை இல்லாத பின்னேரம் குறைவு. அடித்துவிட்டு 'வேறாக வைத்தார்' என்று மாற்றினேன். காயவைக்கும் வேலையைப் பற்றி எனக்குத் தெரியாது என்ற வரியும் அவருக்குப் பிடிக்கவில்லை. பொய்யா என்று கேட்டேன். பொய் இல்லை என்றார். அதை அப்படியே விட்டேன்.

இந்தத் தடவையும் கடிதம் கண்டிக்குப் போய் மூன்று பேரிடம் வாசிக்கப்பட்டது. எனக்கு அது வருத்தமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் அக்குறணையிலிருந்து வந்த பதில் என்னைக் கலக்கியது. எழுதிய கங்காணி நேரில் வர வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். கடிதம் எழுதினால் பேச வேண்டியிருக்காது என்ற ஒரே ஆறுதலில்தான் நான் எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். போகாமல் விட்டால் கடிதத்தில் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இருவரும் மலை இறங்கி, கண்டியைத் தாண்டி, மாத்தளை ரோட்டில் நடந்தோம். வழி முழுவதும் அவர் எனக்குச் சற்று முன்னால் நடந்தார். தனியாக வந்தால் நான் முதலாளியிடம் வேறு ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்தாரோ, தெரியாது.

கடை பெரியது. உள்ளே காய்ந்த பழக் காப்பியின் மக்கிய வாசம். முதலாளிக்கு வயது அதிகம். என்னைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு, பல்பர்க்காரரை வெளியே நிற்கச் சொன்னார். கடிதத்தை விரித்து வைத்திருந்தார். என்னைச் சரியாக எடைபோட்டுக்கொண்ட பிறகுதான் பேசினார்.

"இவ்வளவு நல்ல ஆளெண்டால் நீங்க ஏன் விடுறீங்க?"

பெண்சாதியின் சுகவீனத்தைச் சொன்னேன்.

"குறையையும் எழுதி ஈக்கிறீங்க. குறை எழுதின கடதாசி என்ட கைக்கு இதுதான் முதலாவது. இது உங்கட தந்திரமா எண்டு யோசிச்சன். சின்னக் குறை ஒண்ட எழுதிட்டா பெரிய குறைய ஆரும் தேடமாட்டாங்கதானே?"

நியாயமான சந்தேகம்.   பெரிய குறை எனக்குத் தெரிந்தவரை இல்லை, தெரியாததை எழுதவில்லை என்று மட்டும் சொன்னேன். லயத்துப் பேச்சைப் பற்றியும் அவர் கேட்டார். எப்படியோ கேள்விப்பட்டிருந்தார். பேச்சு இருந்தது உண்மை என்றேன். குவியலை நான் கண்டதையும், அதில் நல்ல கொட்டை இல்லாததையும், செம்பில் தட்டிய பற்களையும் சொன்னேன். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்குத் தெரியாது என்றேன்.

அவர் கடிதத்தை மடித்தார். பிறகு எழுந்து வெளியே போய், பல்பர்க்காரரின் இடது கையைப் பிடித்துப் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு ஓயாக்கரைக்குக் கூட்டிப் போனார். அங்கே புதிய பல்பர் இருந்தது. ஊர்த் தோட்டங்களில் கடைசியாகப் பழுத்த ஒரு கூடை பழத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

பல்பர்க்காரர் முதலில் பழத்தைத் தொடவில்லை. இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தார். திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். கையளவு பழத்தைப் போட்டுச் சுற்றி, வந்த கொட்டையை உள்ளங்கையில் பரப்பி, மறுபடி திருகினார். இரண்டாம் தடவை வந்ததை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி அதை வாங்கி, ஒவ்வொன்றாக நகத்தால் புரட்டிப் பார்த்தார்.

"என்ன பிழை ஈக்கி இதுல? செல்லுங்க" என்று பல்பர்க்காரரிடம் கேட்டார்.

நான் பல்பர்க்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, தாடை ஒரு பக்கம் ஏறி இருக்கிறது, நாட்டினவர்கள் மட்டம் பார்க்கவில்லை, இப்படியே ஓட்டினால் வலது பக்கத்தால் வரும் கொட்டை எல்லாம் வெட்டுப்படும் என்றார். பல்பரை நாட்டியது முதலாளியின் மருமகன் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. முதலாளியின் முகம் மாறியது.  ஒரு பழக்காலத்துக்கு வைத்துப் பார்க்கிறேன், அறையைத் தருகிறேன், பழக்காலம் முடிந்த பிறகு பேசலாம் என்றார். அவர் நம்பினாரா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. கேட்டால் சொல்கிறான் என்பதை மட்டும் கண்டுகொண்டார்.

அடுத்த வாரம் கண்டிக்குப் போன மாட்டுவண்டியில் அவரும் பெண்சாதியும் மலை இறங்கினார்கள். பெண்சாதி எனக்குக் கும்பிடு போட்டார். அவர் தலையை மட்டும் அசைத்தார். பிழையைச் சொல்வதில்லை என்ற அந்த ஒரு வரியை அவர் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பழக்காலம் பாதி ஓடிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மலையேறி வந்தார். கொஞ்சம் சதை பிடித்திருந்தார். பெண்சாதிக்கு இருமல் குறைந்திருந்ததாம். வந்த காரியம் வேறு. முதலாளி அந்தக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். திருப்பிக் கேட்டால், என்னிடம் வேலை செய்கிறவனுக்கு நற்சாட்சி எதற்கு என்கிறாராம். மாத்தளைப் பக்கம் வேறு ஒருவர் பல்பருக்கு ஆள் தேடுவது முதலாளிக்குத் தெரியும் போலிருக்கிறது. அங்கே போகும் எண்ணம் தமக்கு இல்லை என்றார். ஆனால் தம்மைப் பற்றிய கடிதம் தம் கையில் இல்லாமல் இன்னொருவர் பூட்டுக்குள் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னொண்ணு எழுதித் தாங்க அண்ணே. அதே மாதிரி."

பழையதன் பிரதி என்னிடம் இல்லை. பரவாயில்லை என்று சொல்லி, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் சொல்ல ஆரம்பித்தார். மூன்று பேர் வாசித்துக் கேட்டதில் கடிதம் முழுவதும் அவருக்குப் பாடமாகி இருந்தது. பெருவிரல் நகம், பல்பர், தொட்டி, களம், எல்லாம் வரிசையாக வந்தன. நான் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கல் சிக்கிய இடத்துக்கு வந்தபோது, அன்றைக்கு ஓயாக்கரையில் கேட்டதும் சொன்னாரே, அவ்வளவு கடுமையாக வேண்டாமே என்று நினைத்து, 'பிழை நடந்தால் இவர் தாமாக வந்து சொல்வது குறைவு' என்று எழுதி, அப்படியே வாசித்துக் காட்டினேன்.

"குறைவுன்னு இல்ல" என்றார். "சொல்வதில்லைன்னுதான் இருந்துச்சு."

இப்போது சொல்கிறீர்களா என்று கேட்டேன். முதலாளி தினமும் மாலையில் வந்து கேட்கிறார், கேட்பதால் சொல்கிறேன், கேட்காத நாளில் இன்னும் வாய் வருவதில்லை என்றார். அடித்துவிட்டு, 'சொல்வதில்லை' என்றே எழுதினேன். முழுவதையும் மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பெருவிரலால் மடித்து, இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். கீழே கண்டியில் நின்று, யாராவது ஒருவரிடம் இதையும் வாசிக்கக் கொடுத்துத்தான் இருப்பார்.